முன்னால் நின்றால் மாமனிதர், பின்னால் நின்றால் உயரமானவர்
பிரெஞ்சு மொழியில் பெயரடை நிற்கும் இடமும் அது மாற்றும் பொருளும்

பாரீஸ் நகரின் சிறு குன்று ஒன்றின் மேல் பான்தெயோன் என்ற மாளிகை நிற்கிறது. வோல்த்தேர், ரூசோ, விக்தோர் யூகோ, எமில் ஸோலா, மரி கியூரி எனப் பிரான்ஸ் போற்றுகிறவர்கள் பலர் அடக்கமாகியிருக்கும் இடம் அது. முகப்பில் உயர்ந்த தூண்களுக்கு மேலே ஒரு வரி பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது: 'ஓ கிரான்ஸொம் லா பத்ரி ரெகொனெஸான்த்'. வினைச்சொல்லே இல்லாத வரி. 'மாமனிதர்களுக்கு, நன்றியுள்ள தாயகம்' என்பது அதன் பொருள்.

இந்தச் சின்ன வரியில் இரண்டு பெயரடைகள் இருக்கின்றன. 'கிரான்' என்பது 'ஒம்' என்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறது. ஒம் என்றால் மனிதர். 'ரெகொனெஸான்த்' என்பது 'பத்ரி' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. பத்ரி என்றால் தாயகம். முதல் பெயரடையைத் தூக்கிப் பின்னால் வைத்து 'ஒம் கிரான்' என்று பொறித்திருந்தால், பான்தெயோன் உயரமான ஆண்களுக்கான நினைவிடம் ஆகியிருக்கும். சொல்லும் எழுத்தும் அப்படியே இருக்க, நிற்கும் இடம் மாறியதும் பொருளும் மாறிவிடுகிறது.

தமிழில் பெயரடைக்கு ஒரே இடம்தான். நல்ல பையன், சிவப்புச் சேலை, பழைய வீடு என்று எதுவானாலும் பெயருக்கு முன்னால்தான் வரும். அதனால் தமிழர் ஒருவர் பிரெஞ்சு கற்கத் தொடங்கும்போது எல்லாப் பெயரடைகளையும் முன்னால் வைத்துவிடுவது இயல்பு. பாடப்புத்தகம் உடனே குறுக்கிடுகிறது: பிரெஞ்சில் பெயரடை பொதுவாகப் பின்னால் வரும், சில மட்டும் முன்னால் வரும், இன்னும் சில இரண்டு இடத்திலும் வந்து பொருள் மாறும். இந்த மூன்றும் தனித்தனி விதிகளாக, தனித்தனிப் பட்டியல்களாகத்தான் பெரும்பாலும் வருகின்றன. உண்மையில் மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம். அதைப் பிடித்துக்கொண்டால் பட்டியலின் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பிரிக்கும் அடை, கலக்கும் அடை

பெயருக்குப் பின்னால் வருகிற கூட்டம்தான் பெரியது. நிறம், வடிவம், நாடு, மதம், துறை ஆகியவற்றைச் சொல்லும் அடைகளும், வினையிலிருந்து பிறந்த அடைகளும் பின்னால் வரும். சிவப்பு ஒயின் 'வேன் ரூஜ்'. வேன் என்பது ஒயின், ரூஜ் என்பது சிவப்பு. அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகை பிரெஞ்சுச் செய்தித்தாளில் 'மெசோன் பிளான்ஷ்', அதாவது வீடு முதலில், வெள்ளை பிறகு.

முன்னால் வருகிற கூட்டம் சிறியது. பெரிய, சிறிய, நல்ல, கெட்ட, அழகான, இளைய, பழைய, புதிய, நீண்ட என அன்றாடம் புழங்கும் ஒரு டஜன் சொற்கள் அதில் முக்கியமானவை. இவற்றை அழகு, வயது, நன்மை தீமை, அளவு என்று நான்கு தலைப்பில் வகுப்பறைகளில் சொல்லித் தருவார்கள். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கு இந்த நான்கு தலைப்பு நினைவிருக்கலாம். ஏன் இந்த நான்கு மட்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சிவப்பு என்ற அடையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கார், சிவப்புப் புத்தகம், சிவப்புச் சட்டை என எதோடு சேர்ந்தாலும் சிவப்பு சிவப்புதான். இன்னதுதான் பொருள் என்று தெரியாமலே அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். 'பெரிய' என்ற அடை அப்படியல்ல. பெரிய எறும்பு எவ்வளவு பெரியது, பெரிய யானை எவ்வளவு பெரியது? பெரிய எறும்பு சின்ன யானையின் கால் நகத்தளவுகூட இருக்காது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தால்தான் 'பெரிய' என்ற சொல்லுக்கு அளவு கிடைக்கும். 'நல்ல' என்பதும் இப்படித்தான். நல்ல மருத்துவர் என்றால் மருத்துவத்தில் திறமையுள்ளவர், நல்ல கத்தி என்றால் கூராக வெட்டுவது. நல்லதனம் என்ன என்பதைப் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது.

ஆக, பெயரைச் சாராமல் தானே நிற்கக்கூடிய பண்பு பிரெஞ்சில் பின்னால் போகிறது. பல பொருள்களிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை: எந்த ஒயின், வெள்ளையா சிவப்பா? பெயரோடு கலந்து, பெயரின் அர்த்தத்தின்மேலேயே வேலை செய்கிற பண்பு முன்னால் வருகிறது. பின்னால் நிற்பது பிரிக்கும் அடை, முன்னால் நிற்பது கலக்கும் அடை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பாரீஸுக்குப் போகாமல் புதுச்சேரியிலேயே பார்க்கலாம். கடற்கரையை ஒட்டி ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி 'வீல் பிளான்ஷ்', அதாவது வெள்ளை நகரம். கால்வாய்க்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி 'வீல் நுவார்', கறுப்பு நகரம். இரண்டிலும் நிறம் நகரத்துக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு பகுதியை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே எழுந்த பெயர்கள் அவை. இரண்டுக்கும் நடுவே ஓடுவது 'கிரான் கனால்', பெரிய கால்வாய். ஊரின் பழைய பள்ளிகளில் ஒன்று 'பெத்தி செமினேர்', சிறிய குருமடம். இந்த இரண்டிலும் அளவு பெயருக்கு முன்னால் வந்துவிட்டது.

'கிரான்' படும் பாடு

இனி பொருள் மாறும் அடைகளுக்கு வருவோம். பான்தெயோன் வரியிலிருந்த 'கிரான்' என்பதை முழுமையாகப் பார்த்தாலே மற்றவற்றின் போக்கும் புரிந்துவிடும்.

'கிரான்' என்பதன் அடிப்படைப் பொருள் 'பெரிய'. மனிதரோடு சேரும்போது அது உடல் உயரத்தையும் சொல்லலாம், மேன்மையையும் சொல்லலாம். 'ஒம் கிரான்' என்று பின்னால் வைத்தால் அது பிரிக்கும் அடை. கூட்டத்தில் எந்த ஆள் என்று கேட்டால், அதோ அந்த உயரமானவர் என்று காட்டுவதுபோல. 'கிரான்தொம்' என்று முன்னால் வைத்தால் அது மனிதர் என்ற சொல்லோடு கலந்துவிடுகிறது. மனிதராக இருப்பதில் பெரியவர், எனவே மாமனிதர். நெப்போலியனின் உயரம் ஏறக்குறைய 168 சென்டிமீட்டர். அவரைக் கிரான்தொம் என்று சொல்லும் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய உண்டு, ஒம் கிரான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1.9 மீட்டருக்கு மேல் வளர்ந்திருந்த சார்ல் தெ கோலுக்கு இரண்டு தொடரும் பொருந்தும்.

உச்சரிப்பிலும் இந்தக் கலப்பு காதில் விழுகிறது. கிரான் என்பதன் கடைசியில் எழுத்தில் ஒரு மெய் உண்டு, தனியாகச் சொல்லும்போது அது ஒலிக்காது. உயிரொலியில் தொடங்கும் ஒம் அடுத்து வந்ததும் அந்த மெய் உயிர்பெற்று 'த்' என்று ஒலித்து, கிரான்தொம் என ஒரே மூச்சில் வருகிறது. அடை பின்னால் போனால் இந்த ஒட்டு இல்லை. ஒம், கிரான் என்று இரண்டாகக் கேட்கும்.

இதோடு முடிந்துவிட்டால் எளிது. பேசுகிறவர்கள் விதியை இன்னும் நுணுக்கமாகக் கையாளுகிறார்கள். ஒரு சாட்சி காவலரிடம், தான் பார்த்த ஆளை 'கிரான்தொம் பிரன்' என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரன் என்றால் கருமையான தலைமுடி உள்ளவர். இங்கே கிரான் முன்னால்தான் நிற்கிறது, ஆனால் காவலர் மாமனிதர் ஒருவரைத் தேடிப் போவதில்லை. கருமுடியுள்ள உயரமான ஆளைத்தான் தேடுவார். உடலை வருணிக்கும் இன்னொரு அடை கூடவே வந்ததால், இது தோற்றத்தைப் பற்றிய பேச்சு என்று தெளிவாகிவிட்டது. கிரானும் தன் உடல்சார்ந்த பொருளுக்குத் திரும்பிவிட்டது.

பெண்ணைப் பற்றிப் பேசும்போது கதை மறுபடி மாறுகிறது. 'கிராந்த் ஃபாம்' என்றால் பொதுவாக உயரமான பெண் என்றே எடுத்துக்கொள்வார்கள். பெருமைக்குரிய பெண்மணி என்று சொல்ல வேண்டுமானால் 'கிராந்த் தாம்' என்பார்கள். ஃபாம் என்பது பெண், தாம் என்பது மதிப்புக்குரிய பெண்மணி. பான்தெயோனின் வரி ஆண்களை மட்டும் நினைத்து எழுதப்பட்டது என்ற விவாதம் பிரான்ஸில் நெடுநாளாக உண்டு. தன் சொந்தச் சாதனைக்காக ஒரு பெண், அதாவது மரி கியூரி, அங்கே இடம்பெற்றது 1995இல்தான். அந்த வரியைத் திருத்துவதில் இருக்கும் சிக்கல்களில் இலக்கணமும் ஒன்று. ஒம் இருந்த இடத்தில் ஃபாம் என்று போட்டால் போற்றுதல் கலைந்து உயரம் வந்துவிடும்.

வீடு, மரம், ஊர் போன்ற உயிரற்றவற்றோடும் தாவரங்களோடும் இந்தக் குழப்பம் கிடையாது. 'கிராந்த் மெசோன்' என்றால் பெரிய வீடு, அவ்வளவுதான். இரண்டு பொருளுக்கும் இடம்தரக்கூடிய பெயரோடு சேரும்போதுதான் நிற்கும் இடம் பொருளைத் தீர்மானிக்கிறது.

இரண்டு ரயில் நிலையங்கள்

'ஆன்சியன்' என்ற அடையும் அன்றாடம் கண்ணில் படுவது. பழைய என்பது அதன் பொதுப்பொருள். பெண்பாலில் 'ஆன்சியென்' என்றாகும்.

பாரீஸில் 1900ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சி நடந்தது. வருகிறவர்களை வரவேற்க ஸேன் ஆற்றங்கரையில் ஓர்ஸே ரயில் நிலையத்தைக் கட்டினார்கள். அதே பொருட்காட்சியை ஒட்டி லியோன் ரயில் நிலையமும் மணிக்கூண்டோடு புதிதாக எழுந்தது. ரயில்கள் நீளமாகிக்கொண்டே போனபோது ஓர்ஸேயின் நடைமேடைகள் அவற்றுக்குப் போதவில்லை. 1939க்குப் பிறகு நெடுந்தூர ரயில்கள் அங்கே வருவது நின்றது. பிறகு பல வேலைகளுக்குப் பயன்பட்ட அந்தக் கட்டடம் 1986இல் ஓவிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. லியோன் நிலையத்தில் இன்றும் ரயில்கள் வந்து போகின்றன.

ரயில் நிலையத்துக்குப் பிரெஞ்சில் 'கார்' என்று பெயர். ஓர்ஸே ஓர் 'ஆன்சியென் கார்', முன்னாள் ரயில் நிலையம். லியோன் நிலையத்தை 'கார் ஆன்சியென்' என்று வேண்டுமானால் சொல்லலாம், பழமையான ரயில் நிலையம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் இடத்தை மாற்றிச் சொன்னால் இரண்டுமே பொய்யாகிவிடும். லியோன் நிலையத்தை ஆன்சியென் கார் என்று ஒரு பயணியிடம் சொல்லிப் பாருங்கள், அங்கே ரயில் நின்றுபோய்விட்டதாக நினைத்துக்கொள்வார்.

கலக்கும் அடை என்ன செய்கிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. முன்னால் நிற்கும் ஆன்சியென் கட்டடத்தின் வயதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது தொடுவது 'ரயில் நிலையம்' என்ற தகுதியை. ரயில் நிலையமாக இருந்தது கடந்த காலம் என்கிறது. பான்தெயோனும் இதே கணக்கில் வரும். ஜெனவியேவ் என்ற புனிதருக்காகக் கட்டப்பட்ட தேவாலயம் அது, புரட்சிக் காலத்தில் 1791இல் நினைவிடமாக மாற்றப்பட்டது. தேவாலயத்துக்கு 'எக்லீஸ்' என்று பெயர். பான்தெயோன் ஓர் ஆன்சியென் எக்லீஸ். அதே நகரத்தில் இன்றும் பூசை நடக்கும் பழமையான கோயில்கள் எல்லாம் எக்லீஸ் ஆன்சியென்.

தமிழில் 'என் பழைய பள்ளிக்கூடம்' என்று ஒருவர் சொன்னால், முன்பு படித்த பள்ளியா, பழமையான கட்டடமா என்று சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஐயம் வந்தால் 'முன்னாள்' என்ற தனிச்சொல்லைத் தேடிப் போகிறோம். பிரெஞ்சு அந்த வேலையை இடமாற்றத்தாலேயே முடித்துக்கொள்கிறது.

பணத்திலும் இந்தச் சொல் புகுந்தது. 1960 ஜனவரி 1 அன்று பிரான்ஸ் தன் நாணயத்தை மாற்றியது. பழைய 100 ஃபிரான்க் புதிய ஒரு ஃபிரான்க் ஆனது. பழைய கணக்கை 'ஆன்சியன் ஃபிரான்' என்றார்கள், அடை முன்னால் நின்றது. நாணயம் தேய்ந்துபோன பழங்காசு என்பதல்ல அதன் பொருள், முன்பு நாணயமாக இருந்த கணக்கு என்பதே. முதியவர்கள் பலர் பல ஆண்டுகள் வீட்டு விலையை அந்தப் பழைய கணக்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி

முன்னால், பின்னால் என்ற இரண்டு பொருள்களில் எது எது என்று மறந்துபோனால், ஓர் எளிய சோதனை இருக்கிறது. அடையைப் பெயரோடு ஒட்டாமல் தனி வாக்கியமாக்கிப் பாருங்கள். 'அந்த மனிதர் கிரான்' என்று பிரெஞ்சில் சொன்னால் அன்றாடப் பேச்சில் அவர் உயரமானவர் என்று பொருள். 'அந்த நிலையம் ஆன்சியென்' என்றால் அது பழமையானது என்று பொருள், முன்னாள் நிலையம் என்று பொருளாகாது. தனி வாக்கியத்தில் எந்தப் பொருள் கிடைக்கிறதோ அதுதான் பெயருக்குப் பின்னால் நிற்கும்போதும் கிடைக்கும். தனி வாக்கியத்தில் வரமுடியாத அந்த இன்னொரு பொருள் முன்னிடத்துக்கு உரியது.

'புரோப்ர்' என்ற அடையில் இதைப் பார்க்கலாம். 'கைகள் புரோப்ர்' என்று வாக்கியமாக்கினால் கைகள் சுத்தமாக இருக்கின்றன என்று பொருள். கைகளுக்கு 'மேன்' என்று பெயர். ஆகவே 'மேன் புரோப்ர்' என்றால் சுத்தமான கைகள். 1992இல் இத்தாலியில் அரசியல்வாதிகளின் லஞ்ச ஊழலை நீதிபதிகள் தோண்டத் தொடங்கிய விசாரணையைப் பிரெஞ்சு ஏடுகள் 'மேன் புரோப்ர்' என்றே அழைத்தன. அடையை முன்னால் கொண்டுவந்து 'மே புரோப்ர் மேன்' என்றால் 'என் சொந்தக் கைகள்'. என் சொந்தக் கைகளால் கட்டிய வீடு என்று சொல்லும்போது, கை அழுக்காக இருந்ததா இல்லையா என்பது அங்கே பேச்சில்லை.

'போவ்ர்' என்பதையும் அப்படியே சோதிக்கலாம். 'அந்த மனிதர் போவ்ர்' என்றால் கையில் காசில்லாதவர். 'ஒம் போவ்ர்' என்பதும் ஏழை மனிதர். 'போவ்ரொம்' என்று முன்னால் வைத்தால், பாவம் அந்த மனுஷன் என்று பரிதாபப்படுவது. கோடீசுவரர் ஒருவரின் மகன் விபத்தில் இறந்துவிட்டால் அவரைப் போவ்ரொம் என்று சொல்லலாம். அவர் பணக்காரர் என்பதற்கும் அதற்கும் முரண்பாடு இல்லை. பின்னால் நிற்கும் அடை அவரைப் பற்றிய ஒரு செய்தி, முன்னால் நிற்பதோ அவர்மீது சொல்கிறவருக்கு இருக்கும் மனம்.

போன வாரமும் கடைசி வாரமும்

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் நாட்களைச் சொல்லும்போதுதான். 'தெர்னியே' என்றால் கடைசி, பெண்பாலில் 'தெர்னியேர்'. வாரம் 'செமேன்'. 'செமேன் தெர்னியேர்' என்றால் போன வாரம். 'தெர்னியேர் செமேன்' என்றால் கடைசி வாரம், அதாவது ஒரு வரிசையின் இறுதி வாரம். போன வாரம் ஊருக்குப் போனேன் என்று சொல்ல நினைத்து அடையை முன்னால் வைத்துவிட்டால், கேட்கிறவர் 'எதன் கடைசி வாரம்? விடுமுறையின் கடைசி வாரமா?' என்று காத்திருப்பார். வாக்கியம் முடிந்த பிறகும் கேட்கிறவர் எதையோ எதிர்பார்த்து நிற்கிறார் என்றால் அடை இடம் மாறிவிட்டது என்று பொருள்.

இதுவும் அதே எண்ணத்தில் அடங்குகிறது. போன வாரம் என்பது நாட்காட்டியில் இன்றிலிருந்து எண்ணிப் பிரித்துக் காட்டும் ஒரு வாரம், எனவே பின்னால். கடைசி வாரம் என்பது ஏதோ ஒன்றின் வாரங்களில் கடைசி. எது என்று தெரியாமல் அதற்குப் பொருளில்லை, எனவே முன்னால். பிரான்சுவா த்ரூஃபோ 1980இல் எடுத்த 'லெ தெர்னியே மெத்ரோ' என்ற திரைப்படம் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த பாரீஸில் நடக்கிறது. ஊரடங்குக்கு முன் இரவில் கிளம்பும் கடைசி மெத்ரோ ரயில்தான் அந்தத் தலைப்பு. ஒரு வரிசையின் இறுதி என்பதால் அடை முன்னால்தான் நிற்க முடியும்.

கலப்பு முற்றினால்

முன்னால் நிற்கும் அடை பெயரோடு கலக்கிறது என்பதற்கு இலக்கணத்திலேயே ஒரு தடயம் உண்டு. பிரெஞ்சில் குறிப்பில்லாத பன்மைக்கு முன்னால் 'தே' என்ற சிறு சொல் வரும். அடை பெயருக்கு முன்னால் வந்தால், திருத்தமான எழுத்தில் அந்த தே, 'தெ' என்று குறுகும். வெள்ளை வீடுகள் 'தே மெசோன் பிளான்ஷ்', பெரிய வீடுகள் 'தெ கிராந்த் மெசோன்'.

சிறு குழந்தைகள் என்பதற்கு 'தெ பெத்திஸான்ஃபான்' என்று எழுத வேண்டும். பெத்தி என்பது சிறிய, ஆன்ஃபான் என்பது குழந்தை. இதே சொற்களுக்கு முன்னால் குறுகாத தே வைத்து, நடுவே ஒரு சிறு கோடும் போட்டு எழுதினால் பேரக்குழந்தைகள் என்று பொருள். பேரனுக்கு முப்பது வயதாகி மீசை முளைத்திருந்தாலும் அவர் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார். அங்கே அடையும் பெயரும் முழுக்கக் கரைந்து ஒரே சொல்லாகிவிட்டன. அது இனி பெயரடை அல்ல, ஒரு பெயர்ச்சொல்லின் பாதி. அதனால்தான் தே குறுகவில்லை. பச்சைப் பட்டாணிக்குப் 'பெத்தி புவா' என்ற பெயரும் இதே வகை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் சிறிய பட்டாணி என்றாலும், பிரெஞ்சுக்காரர் அதைப் பிரித்து நினைப்பதில்லை.

விதி வழுக்கும் இடங்கள்

மொழி எங்கேயும் கணக்குப் புத்தகம்போல நடப்பதில்லை. பழைய பிரெஞ்சில் அடைகள் இன்றைவிட அதிகமாக முன்னால் வந்தன, நிறங்களும்கூட. செம்மார்புள்ள ஒரு சிறு பறவைக்கு இன்றும் 'ரூஜ் கோர்ஜ்' என்று பெயர். ரூஜ் சிவப்பு, கோர்ஜ் தொண்டை. இன்றைய விதிப்படி நிறம் பின்னால் போயிருக்க வேண்டும், பறவையின் பெயரோ பழைய வழக்கில் உறைந்துவிட்டது.

ஊர்ப்பெயர்களில் இந்தப் பழமை வரைபடமாகவே கிடக்கிறது. புதிய ஊர் என்று பொருள்படும் பெயர் பிரான்ஸின் வடக்கிலும் கிழக்கிலும் 'நோவீல்' என்று அடை முன்வந்து அதிகமாகக் காணப்படுகிறது. தெற்கில் 'வீல்நோவ்' என்று அடை பின்வந்த வடிவம் மிகுதி. புதிய கோட்டை என்ற பெயர் நோர்மாந்தியில் நோஷாத்தெல், தெற்கில் ஒயினுக்குப் பேர்போன ஊரில் ஷாத்தோநோஃப். வடக்கில் குடியேறி ஆண்ட பிராங்குகள் ஜெர்மானிய மொழி பேசியவர்கள், அவர்கள் மொழியில் அடை முன்னால் வரும், அதன் தாக்கமே இது என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

துறைச் சொற்களிலும் விலக்குகள் உண்டு. இலக்கணத்தில் சிறப்புப் பெயரை 'நோன் புரோப்ர்' என்பார்கள். அங்கே புரோப்ர் பின்னால் நின்றும் 'சொந்த' என்ற பொருளைத்தான் தருகிறது, சுத்தமான பெயர் என்று அர்த்தமில்லை. தன்மானத்தைக் குறிக்கும் 'அமூர் புரோப்ர்' என்பதும் அப்படியே. இப்படி உறைந்துபோன தொடர்களைப் பட்டியலாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடைக்கு வால் முளைத்தாலும் இடம் மாறும். 'கிராந்த் மெசோன்' என்பதில் முன்னால் நின்ற அடை, 'அரண்மனைபோலப் பெரிய வீடு' என்று நீளும்போது வாலையும் இழுத்துக்கொண்டு பெயருக்குப் பின்னால் போய்விடும். அற்புதமான, சுவையான, பிரமாண்டமான போன்ற உணர்ச்சி அடைகள் இரண்டு இடத்திலும் வரும், பொருள் மாறாது. முன்னால் வைத்தால் சொல்கிறவரின் வியப்பு சற்றுக் கூடுதலாகத் தெரியும், அவ்வளவே.

நம் வாக்கிய வரிசையிலிருந்து

இரண்டு மூன்று அடைகள் சேர்ந்து வரும்போது பிரெஞ்சு பயமுறுத்தும் என்று நினைக்கலாம். தமிழரைப் பொறுத்தவரை அங்கே ஒரு வசதி இருக்கிறது. 'அழகான சின்ன வெள்ளை வீடு' என்று நாம் சொல்கிறோம். பிரெஞ்சில் அது 'ஜொலி பெத்தித் மெசோன் பிளான்ஷ்'. அழகான, சின்ன, வீடு, வெள்ளை. நம் வரிசையில் கடைசியில் நிற்கும் வீட்டை ஓர் இடம் முன்னே தள்ளி, நிறத்தைத் தாண்ட வைத்தால் போதும். மற்றவை தமிழில் இருந்த வரிசையிலேயே இருக்கின்றன.

எழுதும்போதோ பேசும்போதோ ஐயம் வந்தால் அடையைப் பின்னால் வையுங்கள். பின்னிடம் பொது இடம், அங்கே தவறு நேரும் வாய்ப்புக் குறைவு. முன்னால் வரும் அந்த ஒரு டஜன் சொற்களை மட்டும் தனியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் வரும் சொற்களுக்குத் தனி வாக்கியச் சோதனையைச் செய்து பாருங்கள்.

படிக்கும்போது இந்த அறிவு இன்னும் கூடுதலாகப் பயன்படும். பிரெஞ்சு வீட்டு விளம்பரத்தில் 'மெசோன் ஆன்சியென்' என்று கண்டால் அது பழங்கால வீடு. 'ஆன்சியென் ஃபெர்ம்' என்றால் பழைய பண்ணை என்பதல்ல, முன்பு பண்ணையாக இருந்து இப்போது வீடாக்கப்பட்ட கட்டடம். மாட்டுக்கொட்டகையாக இருந்ததுதான் இன்று வரவேற்பறையாக இருக்கக்கூடும். புத்தம் புதிய கார் வேண்டுமானால் 'வுவாத்யூர் நோவ்' என்ற தொடரைத் தேட வேண்டும். வுவாத்யூர் என்பது கார், நோவ் என்பது இன்னும் யாரும் பயன்படுத்தாத புதுமை. பக்கத்து வீட்டுக்காரர் தன் 'நூவெல் வுவாத்யூர்' என்று பெருமையாகக் காட்டினால், அவரிடம் புதிதாக வந்த கார் என்பதுதான் உறுதி. பத்து வருடம் ஓடிய வண்டியாகவும் இருக்கலாம்.

பாடத்தில் வராத ஒரு சொல்லிலும் இதை முயன்று பார்க்கலாம். 'சேம்ப்ல்' என்ற அடைக்கு எளிய என்று பொருள், கேள்விக்குக் 'கெஸ்தியோன்' என்று பெயர். 'கெஸ்தியோன் சேம்ப்ல்' என்றால் என்ன? கேள்வி எளிமையானது என்று வாக்கியமாகச் சொல்ல முடியும் என்பதால் இது எளிய கேள்வி, யாரும் பதில் சொல்லிவிடலாம். அடையை முன்னால் வைத்து 'சேம்ப்ல் கெஸ்தியோன்' என்றால் அது கேள்வி என்ற தன்மையையே தொடுகிறது: வெறும் கேள்விதான், அதற்கு மேல் உள்நோக்கம் ஒன்றும் இல்லை. அப்படித் தொடங்கும் கேள்விகள் பல நேரம் பதில் சொல்லக் கடினமானவையாகவே இருக்கும்.